செம்மஞ்சள் பதாகையில் வெள்ளை எழுத்து: தெளிவாகத் தெரிகிறதா என்று அளந்து பார்க்கும் முறை

கொழும்பில் ஒரு நிகழ்வுக்கு இணையப் பதாகை செய்பவர் மூன்று மொழிகளையும் ஒரே சட்டகத்துக்குள் அடக்கியாக வேண்டும். மேலே பெரிய எழுத்தில் சிங்களத் தலைப்பு வரும். அதன் கீழே தமிழும் ஆங்கிலமும் வரும். எல்லாவற்றுக்கும் அடியில், மிஞ்சிய இடத்தில், திகதியும் தொலைபேசி இலக்கமும் ஒண்டிக்கொள்ளும். கீழே போகப் போக எழுத்து சிறுக்கிறது. பின்னணியோ அழகுக்காக மேலே அடர்ந்தும் கீழே வெளிறியும் இருக்கிறது. எழுத்து மிகச் சிறியதாகவும் பின்னணி மிக வெளிச்சமாகவும் இருக்கும் அந்த அடிப்பகுதியில்தான் வாசிப்பவருக்குக் கட்டாயம் தேவைப்படும் தகவல் இருக்கிறது.

அப்படி ஒரு பதாகையை எடுத்து, எங்கே எழுத்து தெரிகிறது, எங்கே மறைகிறது என்று எண்களால் அளந்து, பிறகு திருத்திப் பார்ப்போம். வெள்ளவத்தையில் ஒரு கோயில் மண்டபத்தில் நடக்கும் இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கான பதாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வாசிக்க வருபவர்களில் பாதிப் பேர் கண்புரையோடு வருபவர்களாகவே இருப்பார்கள். இந்த அறிவித்தலிலேயே எழுத்து தெரியாமல் போவது எனக்குப் பொறுக்க முடியாத விடயம்.

பதாகையின் பெரும்பகுதி 400 பிக்சல் உயரமான ஒரு கிரேடியன்ட், அதாவது ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறும் பின்னணி. மேலே மெரூன், கீழே செம்மஞ்சள். அதன் அடியில் ஒரே செம்மஞ்சளில் ஒரு பட்டி. எழுத்து எல்லாம் வெள்ளை.

```css
background: linear-gradient(to bottom, #8D153A, #EB7400);
color: #FFFFFF;
```

எந்த எண்ணைத் தேடுகிறோம்

இணையத்துக்கான அணுகல் நெறிகளை உலகெங்கும் டபிள்யூ.சி.ஏ.ஜி. என்று சொல்வார்கள். அதில் 1.4.3 என்ற விதி எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச மாறுபாடு, வேண்டும் என்கிறது. எழுத்து பெரியதாக இருந்தால் 3:1 போதும். 24 பிக்சலும் அதற்கு மேலும், அல்லது தடித்த எழுத்தானால் ஏறத்தாழ 18.7 பிக்சலும் அதற்கு மேலும் இருந்தால்தான் அது பெரிய எழுத்து. இன்னும் உயர்ந்த தரம் வேண்டுபவர்களுக்கு 1.4.6 என்ற விதி சாதாரண எழுத்துக்கு 7:1 கேட்கிறது.

இந்த எண்கள் காற்றிலிருந்து வந்தவை அல்ல. நல்ல பார்வை உள்ளவருக்கு 3:1 போதும் என்று பழைய தர நிர்ணயங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. கண் கிளினிக்கில் 6/12 என்று எழுதித் தருவார்களே, மற்றவர் 12 மீற்றரில் வாசிப்பதை 6 மீற்றருக்குக் கிட்டப் போய்த்தான் வாசிக்க முடியும் என்ற நிலை, அதுவே ஏறத்தாழ 80 வயதுக்காரருக்கு வழக்கமாக இருக்கும் பார்வை. அந்தப் பார்வைக்கு மாறுபாட்டை உணரும் திறனும் குறைந்திருக்கும். அதை ஈடுசெய்ய 3ஐ ஒன்றரை மடங்காக்கி 4.5 என்று வைத்தார்கள். 7 என்பது 6/24 பார்வையை மனத்தில் வைத்தது. ஆகவே 4.5ஐத் தொடாத ஒரு பதாகையை வடிவமைப்பாளரின் இளம் கண் தடையில்லாமல் வாசிக்கலாம். அவருடைய தாத்தாவால் வாசிக்க முடியாது. கண்ணால் பார்த்து ‘தெரிகிறது’ என்று முடிவு செய்யாமல் எண்ணைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

விகிதத்தைக் கணக்கிடும் சூத்திரம் சிறியது.

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

L1 என்பது இரு நிறங்களில் வெளிச்சமானதன் ஒளிர்வு, L2 மங்கலானதன் ஒளிர்வு. வெள்ளைக்கு ஒளிர்வு 1, கறுப்புக்கு 0. ஆகவே வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தால் 21:1 வரும். அதற்கு மேல் எந்த இணையும் போகாது. மற்ற நிறங்களின் ஒளிர்வில் பச்சையின் பங்கு ஏறத்தாழ 72 சதவீதம், சிவப்பின் பங்கு 21, நீலத்தின் பங்கு 7. செம்மஞ்சள் நம் கண்ணுக்கு அடர்த்தியான நிறமாகப் பட்டாலும், அதற்குள் இருக்கும் பச்சை அதன் ஒளிர்வை உயர்த்திவிடுகிறது. அது மஞ்சளை நோக்கி நகர நகர வெள்ளை எழுத்துக்கு ஆபத்து கூடும்.

சூத்திரத்தில் உள்ள 0.05 திரையில் பட்டுத் தெறிக்கும் வெளியொளிக்காக வைத்தது. ஓர் அறைக்குள் அது பொருந்தும். நண்பகலில் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்ப்பவருக்கு அந்த ஒளி பல மடங்கு கூடுகிறது. 0.05 இருக்கும் இடத்தில் 0.2 என்று போட்டுப் பார்த்தால், மெரூன் மேல் வெள்ளைக்குக் கிடைக்கும் 9.13 என்ற வசதியான விகிதமே 4.5க்கு இறங்கிவிடுகிறது. எல்லைக் கோட்டில் தப்பும் நிறங்களை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

கருவியை முதலில் சோதியுங்கள்

கணக்கைக் கையால் போடத் தேவையில்லை. இணையத்தில் WebAIM Contrast Checker என்று தேடினால் ஓர் இலவசப் பக்கம் கிடைக்கும். இரண்டு நிறக் குறியீடுகளைத் தட்டினால் விகிதத்தைச் சொல்லும். கணினியில் நிறுவிக்கொள்ளும் Colour Contrast Analyser என்ற இலவச மென்பொருளும் உண்டு, விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். திரையின் எந்தப் புள்ளியிலிருந்தும் நிறத்தைப் பொறுக்கி எடுக்கும் வசதி அதில் இருக்கிறது. இந்த வேலைக்கு அந்த வசதிதான் உயிர். ஆகவே இரண்டாவதையே நிறுவிக்கொள்ளுங்கள்.

நிறுவியதும் வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் நிறத்தைக் கொடுங்கள். 4.54 வர வேண்டும். அடுத்து #777777 கொடுங்கள். இது 4.48, அதாவது தவறுகிறது. சில கருவிகள் 4.47 என்றும் காட்டும். உண்மையான எண் 4.478, ஒரு கருவி கடைசி இலக்கத்தை வெட்டுகிறது, இன்னொன்று முழுமையாக்குகிறது. இந்தப் பழக்கத்தைத் தெரிந்துகொள்வது பின்னால் உதவும். விதியில் முழுமையாக்கலுக்கு இடமில்லை. 4.499 வந்தாலும் அது 4.5 ஆகாது.

ஒரே நிறப் பட்டியிலிருந்து தொடங்குங்கள்

கிரேடியன்டை ஒதுக்கிவிட்டு அடியில் உள்ள பட்டியை முதலில் எடுப்போம், கணக்கு எளிது. எழுத்து #FFFFFF, பின்னணி #EB7400. கிடைக்கும் விகிதம் 2.987. ஒரு கருவி 2.99 என்று காட்டும், இன்னொன்று 2.98 என்று காட்டும். ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொள்ளும் கருவியோ 3.0 என்று சொல்லி, பெரிய எழுத்துக்கு இது போதும் என்று உங்களை நம்பவைத்துவிடும். போதாது. தலைப்பு அளவு எழுத்தாக இருந்தாலும் இந்த நிறத்தின் மேல் வெள்ளை நிற்காது. அங்கே இருப்பதோ 16 பிக்சல் தொலைபேசி இலக்கம். கேட்பது 4.5, கிடைப்பது மூன்றுக்கும் குறைவு.

முகாமுக்கு வர விரும்பும் ஒருவர் தலைப்பை வாசித்துவிடுவார், இலக்கத்தில் 3ஆ 8ஆ என்று தடுமாறுவார். அவர் பிழையான இலக்கத்தை அழைப்பார், அல்லது அழைக்காமலே விட்டுவிடுவார். ஏற்பாட்டாளருக்கு அது ஒருபோதும் தெரியவராது.

கிரேடியன்டில் எங்கே அளப்பது

இப்போது மேல்பகுதி. உலாவியில் பக்கத்தைத் திறந்து தானியங்கிச் சோதனைக் கருவி எதையாவது ஓட்டினால், இந்தப் பகுதியை அது பெரும்பாலும் கைவிட்டுவிடும், ‘நீங்களே பாருங்கள்’ என்று குறித்துவிட்டுப் போய்விடும். காரணம் எளிது. பின்னணிக்கு ஒரே நிறம் இல்லை. எந்த நிறத்தோடு ஒப்பிடுவது என்று அதற்குத் தெரியாது. பதாகையை ஒரு படமாகவே ஏற்றியிருந்தால் எழுத்து இருப்பதையே அது அறியாது. அறிக்கையில் பிழை எதுவும் இல்லை என்று கண்டவுடன் புதியவர்கள் மகிழ்ந்துபோவது இந்த இடத்தில்தான். கருவி அளக்கவில்லை என்பதற்கும் பிழை இல்லை என்பதற்கும் வேறுபாடு உண்டு. படத்துக்குள் இருக்கும் எழுத்துக்கும் 1.4.3 பொருந்தும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே கையால் அளக்க வேண்டும். பதாகை எந்த அளவில் காட்டப்படுமோ அதே அளவில் திரையில் திறந்துகொள்ளுங்கள். எழுத்து வெள்ளை என்று தெரியும், அதைத் தட்டிவிடுங்கள், பொறுக்க வேண்டாம். பின்னணியை மட்டும் பொறுக்குங்கள். எங்கே பொறுக்குவது? எழுத்தை ஒட்டிய இடங்களில், அந்த வரிக்குப் பின்னால் மிக வெளிச்சமாக இருக்கும் புள்ளியில். எழுத்து கறுப்பாக இருந்தால் நேர்மாறாக, மிக இருண்ட புள்ளியில். ஒரு வரியின் தரம் அதன் மோசமான புள்ளியின் தரம்தான், சராசரி எடுப்பதில் பயனில்லை.

நம் பதாகையில் மேல் விளிம்பில் மெரூன் மேல் வெள்ளை 9.13. தலைப்புக்கு அது தாராளம். சரி பாதியில், 200ஆவது பிக்சலில், நிறம் ஏறத்தாழ #BC451D ஆகிறது. விகிதம் 5.24. அங்கே உள்ள வரியும் தப்பிவிடுகிறது. 240இல் 4.69. 260இல் 4.41.

240க்கும் 260க்கும் இடையில்தான் முகாம் நடக்கும் இடத்தைச் சொல்லும் தமிழ் வரி உட்கார்ந்திருக்கிறது. 20 பிக்சல் உயரம், தடிமன் இல்லாத சாதாரண எழுத்து. ஆகவே 4.5 வேண்டும். வரியின் மேல் விளிம்பில் அளந்தவர் 4.69 என்று எழுதிவிட்டுப் போவார். ஆனால் அதே வரியின் அடிப்பகுதி எல்லைக்கு வெளியே இருக்கிறது. தமிழில் அந்த அடிப்பகுதி சும்மா இருக்கும் இடமும் அல்ல. கு, மு, ழு, ளு என்று உகரம் ஏறிய எழுத்துகள் வால் விட்டுச் சுழிப்பது அங்கேதான். மேலே மட்டும் தெரிந்தால் ‘ம’வா ‘மு’வா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். அதனால் தமிழ் வரி எதையும் அதன் அடிவிளிம்பில், வால்கள் முடியும் மட்டத்தில் அளந்து பாருங்கள்.

இன்னும் கீழே, 300ஆவது பிக்சலில், விகிதம் 3.9 அளவில் இருக்கிறது. அங்கே ஆங்கில வரி. 24 பிக்சலுக்குக் குறைவாகவும் தடிமன் இல்லாமலும் இருந்தால் அதுவும் தவறுகிறது.

பொறுக்கும்போது ஏமாறும் இடம்

எழுத்தின் நிறத்தைப் பொறுக்க வேண்டாம் என்றேன். காரணம், திரை எழுத்தின் ஓரத்தை வழவழப்பாக்குவதற்காக எழுத்து நிறத்தையும் பின்னணி நிறத்தையும் கலந்து வரைகிறது. மெல்லிய கோட்டில் கருவியை வைத்தால் வெள்ளைக்குப் பதில் ஓர் இளஞ்செம்மஞ்சள் அகப்படும், விகிதம் உண்மையைவிடக் குறைவாக வரும். விதி இந்தக் கலப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. வடிவமைப்பாளர் குறித்த நிறத்தைத்தான் எடுக்கச் சொல்கிறது. மூலக் கோப்பு கையில் இல்லாமல், படம் மட்டும் இருந்தால், நன்றாகப் பெரிதாக்கி, மிகத் தடித்த எழுத்தின் நடுவில் வைத்துப் பொறுக்குங்கள்.

ஆனால் அந்தக் கலப்பைக் கண் பார்க்கிறது. ஒற்றைப் பிக்சல் தடிமனுள்ள கோடு பெரும்பாலும் முழு வெள்ளையாக வருவதில்லை. அச்சகங்களில் பாமினியில் அடித்துப் படமாக்கிய சிறிய எழுத்துகளையும், மெல்லிய வகைத் தமிழ் எழுத்துருக்களையும் பாருங்கள். விகிதம் 5 என்று கருவி சொல்லும், கண்ணுக்கு அது 3 போலத் தெரியும். ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளில் ஒரு சிறு கட்டத்துக்குள் இத்தனை சுழிகள் அடங்கியிருப்பதால் தமிழுக்கு இந்த இழப்பு அதிகம். 24 பிக்சலுக்கு மேல் 3:1 போதும் என்ற சலுகையைத் தமிழ் எழுத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் துணிவு. எந்த அளவானாலும் 4.5 என்று வைத்துக்கொள்ளுங்கள், எழுத்துருவையும் ஒரு படி தடிப்பாக எடுங்கள்.

ஒளி ஊடுருவும் எழுத்து இன்னொரு பொறி. ‘வெள்ளை, 80 சதவீதம்’ என்று வைத்திருந்தால் அது திரையில் வெள்ளையாக இல்லை, பின்னணி கலந்த வேறு நிறமாக இருக்கிறது. #FFFFFF என்று தட்டினால் பொய்யான நல்ல எண் வரும்.

திருத்தம்

ஏற்பாட்டாளர்கள் செம்மஞ்சளை விட மாட்டார்கள். கோயில் சார்ந்த நிகழ்வுக்கு அது பொருத்தமான நிறம், விடச் சொல்ல வேண்டியதும் இல்லை. எழுத்து வெள்ளையாகவே இருக்கட்டும் என்றால் கிரேடியன்டின் முடிவை இருட்ட வேண்டும். செம்மஞ்சளில் சிவப்பு 235, பச்சை 116. பச்சையை மட்டும் 74க்கு இறக்கினால் விகிதம் 3.81 வரை உயரும், போதாது. சிவப்பையும் 192 ஆக்கினால் #C04A00 என்ற செங்கல் சார்ந்த செம்மஞ்சள் வரும். அதன் மேல் வெள்ளை 4.98. மெரூனிலிருந்து அங்கே வந்து முடியும் கிரேடியன்டில் மிக வெளிச்சமான புள்ளியே அந்த முடிவுதான், ஆகவே வரிகள் எங்கே இருந்தாலும் 4.5க்குக் கீழே போகாது.

```css
background: linear-gradient(to bottom, #8D153A, #C04A00);
```

நிறத்தில் கைவைக்க அனுமதி இல்லாவிட்டால், எழுத்துக்குப் பின்னால் ஊடுருவும் கறுப்புப் படலம் ஒன்றை விரிக்கலாம். எவ்வளவு அடர்த்தி என்பதைக் கணக்கிட்டே வையுங்கள். மூலச் செம்மஞ்சளின் மேல் 20 சதவீதக் கறுப்பு விரித்தால் வெள்ளைக்கு 4.46தான் கிடைக்கிறது. பார்ப்பதற்கு நன்றாக இருட்டியதுபோல் தெரியும், ஆனால் மயிரிழையில் தவறும். 30 சதவீதம் விரித்தால் 5.5ஐத் தாண்டிவிடும்.

எழுத்துக்கு விளிம்புக் கோடு போடுவது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. பெரிய தலைப்புக்கு அது உதவும். 20 பிக்சல் தமிழ் வரிக்குப் போட்டால் கோடு உள்ளே புகுந்து சுழிகளை அடைத்துவிடும், புள்ளி வைத்த எழுத்தில் புள்ளி ஒரு கறையாகிவிடும். சிறிய எழுத்துக்கு வேண்டாம்.

அடிப்பட்டிக்கு வேறு வழி இருக்கிறது. பட்டி #EB7400 ஆகவே இருக்கட்டும், எழுத்தை மாற்றுவோம். கறுப்பு எழுத்து வைத்தால் 7.03 கிடைக்கும், உயர்ந்த தரமான 7:1ஐயும் தொட்டுவிடும். இங்கே நியாயமான ஒரு மறுப்பு வரும். கோயில் மண்டபத்து நிகழ்வு, கறுப்பு வேண்டாம் என்பார்கள். அப்படியானால் தலைப்புக்குப் பின்னால் உள்ள மெரூனையே எழுத்துக்கும் எடுப்போம் என்று தோன்றும். அளந்து பார்த்தால் 3.06தான். இரண்டு அடர்ந்த நிறங்கள் சேர்ந்தால் நன்றாக எடுபடும் என்ற எண்ணம் அடிக்கடி இப்படித் தோற்கிறது. நிறம் வேறாக இருந்தாலும் ஒளிர்வு கிட்டக் கிட்ட இருக்கிறது. அதே மெரூனின் சாயலில் மிக இருண்ட #2B0010ஐ எடுத்தால் 6.33. திரையில் அது கறுப்பின் கடுமை இல்லாமல், மெரூன் குடும்பத்தோடு ஒட்டி நிற்கும். தொலைபேசி இலக்கத்துக்கு நான் அதைத்தான் வைப்பேன்.

இங்கே சூத்திரத்தின் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். செம்மஞ்சளின் மேல் கறுப்பையும் வெள்ளையையும் அருகருகே வைத்துக் காட்டினால், நல்ல பார்வை உள்ளவர்களில் பலர் வெள்ளைதான் தெளிவாக இருக்கிறது என்பார்கள். எண்ணோ கறுப்புக்கு இரு மடங்குக்கு மேல் தருகிறது. மாறாக, இரு நிறங்களும் மிக இருண்டவையாக இருக்கும்போது சூத்திரம் தாராளமாக எண் கொடுத்துவிடும், கண் அதை ஒப்புக்கொள்ளாது. ஆகவே எண் தேறிய பிறகு, குறைபார்வை உள்ள ஒருவரிடம் பதாகையைக் காட்டுவதும் வேலையில் ஒரு பகுதிதான். ‘தெரிகிறதா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காகத் தெரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். ‘இந்த இலக்கத்தை எனக்குச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்’ என்று கேளுங்கள். எங்கே தயங்குகிறார் என்பதைக் கவனியுங்கள்.

கைப்பேசியிலும், பெரிதாக்கியும்

கணினித் திரையில் தேறிய பதாகை கைப்பேசியில் தவறலாம். அகலம் குறையும்போது வரி மடிகிறது. ஒரு வரியாக இருந்த இடம் இரண்டு வரியாகிறது, அதற்குக் கீழே இருந்தவை எல்லாம் இன்னும் கீழே தள்ளப்படுகின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, ஆகவே முதலில் மடிவது தமிழ் வரியாகத்தான் இருக்கும். பழைய கிரேடியன்டில் 240இல் இருந்த வரி 280க்குப் போனால் அது செம்மஞ்சளுக்குள் இறங்கிவிட்டது என்று பொருள்.

குறைபார்வை உள்ளவர் எழுத்தைப் பெரிதாக்கியே வாசிப்பார் என்பதால் இது அவருக்குத்தான் முதலில் நடக்கும். எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கம் கெடக்கூடாது என்பது அதே நெறிகளில் 1.4.4ஆவது விதி. உலாவியில் சாளரத்தை 360 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஒருமுறையும், கணினியில் 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒருமுறையும், வரிகள் புதிதாக உட்கார்ந்த இடங்களில் பின்னணியை மீண்டும் பொறுக்கி அளங்கள். கிரேடியன்ட் முழுவதும் 4.5க்கு மேல் இருக்கும்படி முடிவு நிறத்தை வைத்துவிட்டால் இந்த அலைச்சல் மிச்சம். #C04A00 வழியை மற்ற வழிகளைவிட நான் மேலாக நினைப்பதும் இதனாலேயே.

கடைசியாக, பதாகை இணையப் பக்கத்தோடு நிற்காது, வட்ஸ்அப்பில் குழுவுக்குக் குழு போகும். அங்கே படம் சுருக்கப்படுகிறது. தடித்த எழுத்துக்கு ஒன்றும் ஆகாது, மெல்லிய வெள்ளைக் கோடுகளைச் சுற்றி நிறம் கசிந்து மங்கும். முதலில் உங்களுக்கே ஒருமுறை அனுப்பி, வந்து சேர்ந்த படத்தைப் பெரிதாக்கித் தொலைபேசி இலக்கத்தைப் பாருங்கள். அதோடு, அந்த இலக்கத்தைப் படத்துக்குக் கீழே செய்தியாகவும் தட்டி அனுப்பச் சொல்லுங்கள். செய்தியாக வந்தால் வாசிப்பவர் தன் கைப்பேசியில் வைத்திருக்கும் எழுத்தளவிலும் நிறத்திலும் அதைப் பார்க்கலாம், தொட்டு அழைக்கவும் செய்யலாம்.

இதே வடிவமைப்பைத் துணியிலோ பிளெக்ஸிலோ அச்சடித்து மண்டப வாசலில் கட்டுவதானால் மேலே சொன்ன எண்களை அப்படியே நம்ப வேண்டாம். அச்சு மை திரையின் நிறத்தை அப்படியே தராது. சின்னதாக ஒரு மாதிரி அச்சடித்து வாங்கி, வெயிலில் ஒருமுறையும் மாலை வெளிச்சத்தில் ஒருமுறையும், வாசகர்கள் நிற்கும் தூரத்தில் நின்று அடிப்பட்டியை வாசித்துப் பாருங்கள்.